அடுக்கில் −2/3: போட்டோவில் மைனஸ் தெரியவில்லை, விடையும் ஒத்துவரவில்லை

அல்சூர்_செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். பையன் ஒன்பதாவது படிக்கிறான், சி.பி.எஸ்.இ. டியூஷனில் ஏதோ ஒரு கைடின் பக்கத்தை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார்கள். புத்தகத்தை அழுத்திப் பிடிக்காமல் எடுத்திருப்பார்கள் போல, நடு மடிப்புப் பக்கம் எழுத்தெல்லாம் வளைந்து நிழலடிக்கிறது. 14-ஆவது கணக்கு அந்த மடிப்பை ஒட்டியே வருகிறது. என் கண்ணுக்குத் தெரிந்ததை இங்கே தட்டியிருக்கிறேன்.

(27x⁶ / 8y⁹)^(−2/3)

இதைச் சுருக்க வேண்டும். x-க்கு மேலே வெறும் 6-ஆ, அதற்கு முன்னால் ஒரு மைனஸ் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம். நிழலோடு நிழலாக ஒரு கோடு மாதிரி தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பையன் போட்ட விடை 4y⁶ / 9x⁴. பின்பக்கத்தில் கொடுத்திருக்கும் விடை 4x⁴y⁶ / 9. "விடைப் பக்கம்தான் தப்புப்பா" என்று அவன் அடித்துச் சொல்கிறான். நான் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஐ.டி.ஐ. போனவன், பீன்யாவில் லேத் ஒர்க் ஷாப்பில் இருக்கிறேன். முழு எண் அடுக்கு என்றால் சமாளிப்பேன். மேலே பின்னம் ஏறி உட்கார்ந்தால் யாரையாவது கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன்.

கனகபுரா_கார்த்தி

இதில் x மதிப்பு எப்படிக் கண்டுபிடிப்பது? சமக்குறியே இல்லையே அண்ணா. கேள்வியில் பாதி கட் ஆகிவிட்டதா?

அப்புறம் 27-ஐ −2/3 ஆல் பெருக்கினால் −18 வருகிறது. விடையில் மைனஸே இல்லையே, அதுவும் இடிக்கிறது.

ராஜாஜிநகர்_ரேவதி

கார்த்தி, x கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, சுருக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

செல்வம் சார், நான் வீட்டிலேயே எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இதற்கு ஒரே வழிதான். அடுக்கில் மைனஸ் இருந்தால் பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பி மைனஸை எடுத்துவிட வேண்டும். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. மைனஸ் எல்லாம் போய்விடும்.

(8y⁹ / 27x⁶)^(2/3)

8-க்குக் கனமூலம் 2, வர்க்கம் 4. 27-க்குக் கனமூலம் 3, வர்க்கம் 9. y⁹ என்பது y⁶ ஆகும், x⁶ என்பது x⁴ ஆகும். விடை 4y⁶ / 9x⁴. உங்கள் பையன் போட்டது சரிதான். கைடுகளில் விடைப் பக்கம் தப்பாக இருப்பது புதிதில்லை, நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

பழைய_வாத்தியார்

ரேவதி அம்மா, கேள்வியில் x⁶ என்று இருந்தால் நீங்கள் போட்டதில் ஒரு குறையும் இல்லை. x⁻⁶ என்று இருந்தால் பின்பக்க விடைதான் சரி. ஆகவே முதலில் கேள்வி எது என்று முடிவு கட்ட வேண்டும். விடைப் பக்கத்தைத் திட்டுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்வோம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு தெரிகிறதா என்று தேடாதீர்கள், நிழலில் எல்லாமே கோடு மாதிரிதான் இருக்கும். இடைவெளியைப் பாருங்கள். அதே வரியில் y⁹ இருக்கிறதல்லவா, அங்கே y-ஐ ஒட்டியே 9 ஏறி நிற்கிறது, நடுவில் இடமே இல்லை. x-க்கும் 6-க்கும் நடுவிலோ ஒரு இலக்கம் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறது. அச்சில் சும்மா அப்படி இடம் விடமாட்டார்கள். அங்கே ஏதோ ஒரு குறி இருந்து நிழலில் மறைந்திருக்கிறது. அடுக்கில் 6-க்கு முன்னால் வரக்கூடியது மைனஸ்தான். 16, 26 என்று ஓர் இலக்கம் இருந்திருந்தால் அதன் உயரம் நிழலையும் மீறித் தெரிந்திருக்கும்.

அதோடு பக்க மடிப்பு எழுத்தைப் படுக்கைவாட்டில் நெருக்கிக் காட்டும், விரித்துக் காட்டாது. அப்படியிருந்தும் இடம் தெரிகிறது என்றால் அசல் பக்கத்தில் இன்னும் தாராளமாகவே இருந்திருக்கும். என் கணிப்பு x⁻⁶.

மடிவாளா_மணி

ஐயா சொன்ன இடைவெளி விஷயம் சூப்பர். நான் படத்தின் கான்ட்ராஸ்டை ஏற்றிப் பார்த்தேன், எனக்கும் மைனஸ் மாதிரிதான் படுகிறது.

செல்வம் அண்ணா, படம் அனுப்பியவரிடம் அதே படத்தை டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் அளவைச் சுருக்கித்தான் போகும், இந்த மாதிரிக் குட்டி எழுத்துதான் முதலில் அடிபடும்.

கார்த்தி கேட்ட −18-க்கு: மேலே இருப்பது பெருக்கும் எண் இல்லையே தம்பி. 27**(-2/3) என்று பைத்தானில் போட்டுப் பார், 0.111 சொச்சம் வரும். அதாவது 1/9.

கனகபுரா_கார்த்தி

நான் என் போனில் 27^-2/3 என்று போட்டேன். 0.000457 என்று வருகிறது. 1/9-உம் இல்லை, −18-உம் இல்லை. இப்போது மூன்று விடை ஆகிவிட்டது.

மடிவாளா_மணி

அடைப்புக்குறி போடாமல் விட்டிருப்பாய்.

```
27**-2/3      # 27-ன் −2 அடுக்கு, அதை 3-ஆல் வகுத்தது
27**(-2/3)    # நமக்கு வேண்டியது
```

அடுக்கைத்தான் முதலில் கணக்குப் போடும், வகுத்தல் அப்புறம்தான். 27-ன் வர்க்கம் 729, 1/729-ஐ 3-ஆல் வகுத்தால் நீ சொன்ன 0.000457. தாளில் 2/3 மொத்தமாக மேலே சிறிதாக ஏறி நிற்பதால் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒரே வரியில் தட்டும்போது அந்த வேலையை அடைப்புக்குறிதான் செய்ய வேண்டும்.

பழைய_வாத்தியார்

மணி சொன்னது சரி. ஆனால் கார்த்திக்கு ஏன் 1/9 என்று புரிய வேண்டுமே, மெஷின் சொல்லிவிட்டது என்பதற்காக ஒப்புக்கொண்டால் நாளைக்கு மறுபடி −18-க்கே வந்து நிற்பான். தம்பி, இதை ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதிப் பார்.

27^1 = 27
27^(2/3) = 9
27^(1/3) = 3
27^0 = 1
27^(−1/3) = 1/3
27^(−2/3) = 1/9

ஒவ்வொரு வரியிலும் அடுக்கு 1/3 குறைகிறது. வலப்பக்கம் என்ன ஆகிறது? ஒவ்வொரு தடவையும் 3-ஆல் வகுபடுகிறது, அவ்வளவுதான். 27, 9, 3, 1 என்று வந்தவன் அதற்கடுத்து எங்கே போவான்? 1/3-க்குத்தான். எத்தனை தடவை 3-ஆல் வகுத்தாலும் பூச்சியத்துக்குக் கீழே இறங்க வழியே இல்லை. அடுக்கில் இருக்கும் மைனஸ் விடையைக் குறை எண் ஆக்காது, வகுத்துக்கொண்டே போகச் சொல்கிறது. −18 எங்கிருந்தும் வராது.

இந்த எழுத்து முறையே ஒரு காலத்தில் புதுசுதான். நியூட்டன் 1676-ல் எழுதிய ஒரு கடிதத்தில், aa-வுக்கு a² என்று எழுதுவது போல நான் வர்க்கமூலத்துக்கு a^(1/2) என்றும், 1/a-வுக்கு a^(−1) என்றும் எழுதுகிறேன் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் காலத்துப் படித்தவர்களுக்கே சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்த விஷயம், ஒன்பதாவது பையனுக்கு ஒரு வகுப்பில் ஏறிவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

அல்சூர்_செல்வம்

ஐயா, டாகுமெண்டாகவே வாங்கிவிட்டேன். x⁻⁶-தான், சின்னதாக ஒரு மைனஸ் தெளிவாக இருக்கிறது. ஆக கேள்வி

(27x⁻⁶ / 8y⁹)^(−2/3)

அப்படியென்றால் பையன் மங்கலான படத்தைப் பார்த்துப் போட்டதால்தான் மாறிவிட்டது, இல்லையா? அவன் பேரில் தப்பில்லை.

பழைய_வாத்தியார்

அவசரப்பட வேண்டாம் செல்வம். 4y⁶ / 9x⁴ என்ற அந்த விடை இரண்டு வழியில் வரலாம். ஒன்று, மைனஸைப் பார்க்காமல் x⁶ என்று எழுதிக்கொண்டு சரியாகவே போட்டிருக்கலாம். இன்னொன்று, x⁻⁶ என்று சரியாகப் பார்த்தும், பின்னத்தைத் திருப்பும்போது உள்ளே இருந்த மைனஸையும் சேர்த்துத் துடைத்திருக்கலாம். இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். முதலாவது கண் பார்த்ததில் வந்த கோளாறு, அதை விட்டுவிடலாம். இரண்டாவது விதியையே தப்பாகப் பிடித்துக்கொண்டது, அது பரீட்சையில் எல்லாக் கணக்கிலும் வரும். விடையை வைத்து இது எது என்று சொல்ல முடியாது. நோட்டைத் திறந்து அவன் எழுதிய முதல் இரண்டு வரி மட்டும் இங்கே போடுங்கள்.

அல்சூர்_செல்வம்

நோட்டில் இப்படி இருக்கிறது.

முதல் வரி: (27x⁻⁶ / 8y⁹)^(−2/3)
இரண்டாவது வரி: = (8y⁹ / 27x⁶)^(2/3)

போனில் பெரிதாக்கிப் பார்த்து எழுதினானாம். மைனஸ் அவனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

பழைய_வாத்தியார்

அப்படியானால் படம் நிரபராதி. முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில்தான் மைனஸ் காணாமல் போயிருக்கிறது.

இங்கே இரண்டு மைனஸ் இருக்கிறது, இரண்டுக்கும் அதிகாரம் வேறு வேறு. −2/3-ல் இருக்கும் மைனஸ் அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிறது, அது உள்ளே இருக்கும் மொத்தப் பின்னத்துக்கும் சொந்தம். −6-ல் இருக்கும் மைனஸ் x-க்கு மட்டும்தான் சொந்தம். பின்னத்தைத் தலைகீழாக்கினால் வெளி மைனஸின் வேலை முடிந்தது, அதை எடுத்துவிடலாம். உள்ளே இருக்கிற x⁻⁶ இடம் மாறிக் கீழே போகும், ஆனால் அதன் மைனஸையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போகும். ஆக இரண்டாவது வரி இப்படி இருந்திருக்க வேண்டும்.

(8y⁹ / 27x⁻⁶)^(2/3)

கீழே x⁻⁶ இருக்கிறதென்றால் அது மேலே வந்து x⁶ ஆகும். அப்போது (8x⁶y⁹ / 27)^(2/3). இனிமேல் மைனஸே இல்லை. கனமூலம் எடுத்தால் 2x²y³ / 3, அதை வர்க்கம் பண்ணினால் 4x⁴y⁶ / 9. பின்பக்க விடை வந்துவிட்டது.

நான் வகுப்பில் இருந்தபோது இதைவிடக் கொஞ்சம் மாற்றிச் செய்யச் சொல்வேன். வெளியே கை வைக்காமல், உள்ளே இருக்கும் மைனஸை முதலில் ஒழித்துவிடு என்பேன். x⁻⁶ மேலே இருக்கிறது, கீழே இறக்கினால் 27 / 8x⁶y⁹. உள்ளே சுத்தமாகிவிட்டது. இப்போது வெளி மைனஸுக்காகத் திருப்பு, 8x⁶y⁹ / 27. அப்புறம் மூலம், அப்புறம் வர்க்கம். ஒரு வரியில் ஒரு வேலை. இரண்டு மைனஸையும் ஒரே வரியில் தொட்டால்தான் ஒன்று நழுவும்.

ராஜாஜிநகர்_ரேவதி

ஐயா, நான் போட்டபோது கேள்வியில் x⁶ என்றுதான் இருந்தது. அதற்கு என் விடை பொருந்தும்.

பழைய_வாத்தியார்

பொருந்தும் அம்மா, அதில் சந்தேகமில்லை. ஆனால் "மைனஸ் எல்லாம் போய்விடும்" என்று எழுதினீர்களே, அந்த "எல்லாம்"தான் பையன் நோட்டில் இரண்டாவது வரியாக உட்கார்ந்திருக்கிறது. வெளி மைனஸ் போய்விடும் என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

ராஜாஜிநகர்_ரேவதி

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே முதலில் சுத்தம் செய் என்பதை ஒரே முறை என்று சொல்லமாட்டேன். என் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் திருப்பவே வேண்டாம் என்கிறேன். 27-ஐ 3³ என்றும் 8-ஐ 2³ என்றும் எழுதிவிட்டு, எல்லா அடுக்கையும் −2/3-ஆல் பெருக்கினால் ஆயிற்று.

மேலே: 3⁻² x⁴
கீழே: 2⁻² y⁻⁶

−6-ஐ −2/3-ஆல் பெருக்கினால் +4. x தானாகவே மேலேயே நிற்கிறது, அதைக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றி என்று அலைய வேண்டியதில்லை. 3⁻² கீழே போய் 9 ஆகும், 2⁻² மேலே வந்து 4 ஆகும், y⁻⁶ மேலே வந்து y⁶ ஆகும். மூன்று வரியில் முடிந்தது. எண்களைப் படியாக எழுதியது ஒரு ஸ்டெப்பாகவும் தெரியும், திருத்துகிறவருக்கும் வசதி.

பழைய_வாத்தியார்

நல்ல முறைதான். பெருக்கல் குறிகளில் தடுமாறாத பையனுக்கு அதுவே வேகம். ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்த முறையில் 27-ஐ அப்படியே விட்டுவிட்டு x-க்கும் y-க்கும் மட்டும் அடுக்கைப் பெருக்குகிற பிள்ளைகள் நிறையப் பேர். அடைப்புக்குறி மேல் நிற்கும் அடுக்கு உள்ளே இருக்கும் எண்ணையும் பிடிக்கும் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. 3³ என்று எழுத வைத்தால் அது நடக்காது, ஏனென்றால் அதன் தலையிலும் ஒரு அடுக்கு கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அந்த முதல் வரியைத் தாண்டிப் போக விடாதீர்கள்.

மடிவாளா_மணி

செல்வம் அண்ணா, இந்த மாதிரி விடை ஒத்துவராத நேரத்தில் வீட்டிலேயே சரிபார்க்க எனக்குத் தெரிந்த வழி, எழுத்துக்குப் பதில் எண் போட்டுப் பார்ப்பது. நான் x = 1, y = 1 போட்டுப் பார்த்தேன், இரண்டு விடையும் 4/9 என்றே வருகிறது. அப்புறம்தான் உறைத்தது, 1-க்கு எந்த அடுக்கு போட்டாலும் 1-தான், மைனஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்டிக்கொடுக்காது.

x = 2, y = 1 போட்டால் அழகாகப் பிரிகிறது. 2⁻⁶ என்பது 1/64. உள்ளே 27-ஐ 64-ஆலும் 8-ஆலும் வகுத்தால் 27/512. கனமூலம் 3/8, வர்க்கம் 9/64, தலைகீழாக்கினால் 64/9. பின்பக்க விடையில் 4 × 16 / 9, அதுவும் 64/9. பையன் விடையில் 4 / (9 × 16), அதாவது 1/36. ஒன்று ஏழுக்கு மேலே, இன்னொன்று 0.03-க்குக் கீழே. கால்குலேட்டரே வேண்டாம்.

அல்சூர்_செல்வம்

இது எனக்குப் பிடித்திருக்கிறது மணி. ஒர்க் ஷாப்பில் ஜாப் முடிந்ததும் கேஜ் வைத்துப் பார்ப்போம், அதே மாதிரி. பையனை உட்கார வைத்து x = 2 போடச் சொன்னேன். 64/9 வந்ததும் பேச்சே இல்லை, நோட்டில் இரண்டாவது வரியை அவனே அடித்துவிட்டு எழுதினான்.

சந்தோஷத்தில் அடுத்த கணக்குக்கும் இதே வேலையைப் பார்த்தோம். அங்கே மாட்டிக்கொண்டோம். 15-ஆவது கணக்கு:

(16a⁴)^(−3/4)

அவன் விடை 1 / 8a³. பின்பக்க விடையும் 1 / 8a³. a = 2 போட்டால் இரண்டு பக்கமும் 1/64, பொருந்துகிறது. அவன் குறும்புக்கு a = −1 போட்டான். கேள்வியில் 16^(−3/4), அதாவது 1/8. விடையில் −1/8. எது தப்பு?

கனகபுரா_கார்த்தி

அடுக்கில் இருக்கும் மைனஸ் விடையைக் குறை எண் ஆக்காது என்று ஐயா சொன்னாரே. அப்போது −1/8 தப்பு.

பழைய_வாத்தியார்

பையனிடம் நல்ல மூளை இருக்கிறது செல்வம், அவனைத் திட்டாதீர்கள். கார்த்தி, −1/8 தப்பு என்பது சரி, காரணம் மட்டும் வேறு. அந்த மைனஸ் அடுக்கிலிருந்து வரவில்லை, a-வே −1 என்று வைத்ததால் வந்தது.

a⁴-ன் நான்காம் மூலம் என்ன? a என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். a = −1 என்றால் a⁴ = 1, அதன் நான்காம் மூலம் 1, −1 இல்லை. இரட்டைப்படை மூலம் எப்போதும் மிகை எண்ணைத்தான் கொடுக்கும். அதனால் a-வின் குறி தெரியாதபோது சரியான விடை 1 / 8|a|³. a மிகை எண் என்று முன்பே சொல்லியிருந்தால் 1 / 8a³ போதும்.

14-ல் இந்தத் தொல்லை இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே கனமூலம், y⁹-ன் கனமூலம் y³ என்பதில் குறி அப்படியே வந்துவிடுகிறது.

படத்தில் பக்கத்தின் உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது பார்த்தீர்களா? "கீழ்க்கண்டவற்றைச் சுருக்குக" என்ற வரிக்குப் பக்கத்திலேயே "எல்லா மாறிகளும் மிகை எண்கள்" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அது இருந்தால் பின்பக்க விடை முழுக்கச் சரி. இல்லையென்றால் புத்தகம் அரைகுறை.

ராஜாஜிநகர்_ரேவதி

ஐயா, ஒன்பதாவதில் யாரும் |a| போடச் சொல்லமாட்டார்கள். போட்டால் திருத்துகிறவர் விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மார்க் குறைப்பார்.

பழைய_வாத்தியார்

"a > 0 எனில்" என்று விடைக்குப் பக்கத்தில் இரண்டு சொல் எழுதிவிட்டு 1 / 8a³ என்று போட்டால் யாரும் குறைக்க முடியாது. என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலேயே பின்ன அடுக்கு விதிகளை a > 0 என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்திருந்தார்கள். நான் அதை வைத்துத்தான் பாடம் நடத்தினேன்.

மடிவாளா_மணி

ஐயா, 14-ல் தொல்லை இல்லை என்றீர்கள். y = −1, x = 1 போட்டால் உள்ளே −27/8. கையால் போட்டால் கனமூலம் −3/2, வர்க்கம் 9/4, தலைகீழாக 4/9. விடையிலும் 4/9. சரிதான். ஆனால் பைத்தானில் போட்டால் j போட்டு ஒரு சிக்கலெண் வருகிறது. (-8)**(1/3) போட்டாலும் −2 வரவில்லை, கிட்டத்தட்ட 1 + 1.732j என்கிறது. இது என்ன கூத்து?

பழைய_வாத்தியார்

கூத்து இல்லை தம்பி, அது வேறு ஒரு வழக்கம். −8-க்குக் கனமூலங்கள் மூன்று உண்டு. −2 ஒன்று, மற்ற இரண்டும் சிக்கலெண்கள். நாம் மெய்யெண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம், பைத்தான் அந்த மூன்றில் இன்னொன்றை எடுக்கிறது.

பள்ளிப் புத்தகம் ஏன் a > 0 என்று கட்டுப்பாடு போடுகிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. (−8)^(1/3) = −2 என்று வைத்துக்கொள். 1/3-ம் 2/6-ம் ஒன்றுதானே? (−8)^(2/6) என்று எழுதி, முதலில் வர்க்கம் பண்ணி, அப்புறம் ஆறாம் மூலம் எடு. 64-ன் ஆறாம் மூலம் 2. ஒரே எண்ணுக்கு −2, 2 என்று இரண்டு விடை. அடிமானம் மிகை எண்ணாக இருக்கும்வரை இந்தச் சண்டை வராது. குறை எண்ணுக்கும் பின்ன அடுக்கு வேண்டுமென்றால், பின்னத்தை எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பகுதி ஒற்றைப்படையாக இருந்தால் மட்டும் அனுமதி என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் அதையும் ஏற்பதில்லை. நான் முன்னால் y⁹-ன் கனமூலம் y³ என்று சொன்னது அந்த முதல் கட்சியின் கணக்குப்படி.

ராஜாஜிநகர்_ரேவதி

இதெல்லாம் பி.யு.சி-க்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் ஐயா, பாவம் பையன்.

கனகபுரா_கார்த்தி

எனக்கு ஒரு சந்தேகம். 14-ல் கடைசி விடை 4x⁴y⁶ / 9-ல் x = 0 போட்டால் 0 வருகிறது. கேள்வியில் போட்டால்?

பழைய_வாத்தியார்

கார்த்தி, இதுவரை நீ கேட்டதிலேயே இதுதான் நல்ல கேள்வி. கேள்வியில் x⁻⁶ இருக்கிறது, அதாவது 1/x⁶. x = 0 போட்டால் அங்கேயே நின்றுவிடும். y-யும் கீழே இருப்பதால் அதுவும் 0 ஆகக் கூடாது. சுருக்கின விடையில் அந்தத் தடை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. x ≠ 0, y ≠ 0 என்று கூடவே எழுத வேண்டும் என்பது என் கட்சி. பரீட்சையில் அதற்கென்று மார்க் தருகிறார்களா என்றால் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

அல்சூர்_செல்வம்

எல்லோருக்கும் நன்றி. பக்கத்தின் உச்சியையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி டியூஷனில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அதுவரை 15-க்கு "a > 0 எனில்" என்று எழுதி வைக்கச் சொல்லிவிட்டேன். 16-ஆவது கணக்கு (−27p³)^(2/3) மாதிரி தெரிகிறது. இதில் வெளியே இருப்பது 2/3-ஆ −2/3-ஆ என்பதும் மடிப்புக்குள் மாட்டியிருக்கிறது.

மடிவாளா_மணி

அடைப்புக்குறிக்கும் 2-க்கும் நடுவில் இடம் இருக்கிறதா பாருங்கள் அண்ணா. 14-லும் 15-லும் அதே இடத்தில் மைனஸ் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பழைய_வாத்தியார்

ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் உள்ளேயே −27 இருப்பதால், p மிகை எண் என்று அந்த உச்சி வரி சொல்லியிருந்தால் a > 0 விதி இங்கே செல்லாது. கைடு எந்தக் கட்சி என்பது 16-க்கு அவர்கள் கொடுத்திருக்கும் விடையைப் பார்த்தால்தான் தெரியும். அதையும் போடுங்கள்.